கையில் இருக்கும் பங்கின் மேல் கால் விற்பது: கவர்ட் கால் முழுமையான வழிகாட்டி

நீண்ட நாளாகப் பங்கு வைத்திருப்பவர்களிடம் "பங்குக்கு மாதா மாதம் வாடகை வாங்கலாம்" என்று சொல்லி கவர்ட் காலை அறிமுகப்படுத்துவார்கள். நம்மிடம் இருக்கும் பங்கைக் குறித்த தேதியில் குறித்த விலைக்கு வாங்கும் உரிமையை இன்னொருவருக்குக் காசுக்கு விற்பதுதான் கவர்ட் கால். அந்த உரிமைக்குப் பெயர் கால் ஆப்ஷன். இந்த வாடகைக் கதைதான் பல பேரைத் தவறான கணக்கில் கொண்டு போய் விடுகிறது. வீட்டை வாடகைக்கு விட்டால் வீட்டின் விலை ஏறும்போது அந்த ஏற்றம் நமக்குத்தான். கவர்ட் காலில் அப்படி இல்லை. நிலத்துக்குக் கிரய ஒப்பந்தம் போட்டு முன்பணம் வாங்குவதுதான் இதற்குச் சரியான உவமை. இந்தத் தேதிக்குள் இந்த விலைக்குத் தருகிறேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டோம். வாங்குபவர் வராவிட்டால் முன்பணம் நமக்கு. அதற்குள் பக்கத்தில் நான்குவழிச் சாலை வந்து விலை இரட்டிப்பானாலும் எழுதிக் கொடுத்த விலைக்குத்தான் பத்திரம் பதிய வேண்டும். விலை விழுந்தால் விழுந்த நிலம் நம் தலையில்.

ஆக, அந்த உரிமைக்கு விலையாக வருகிற பிரீமியம் சும்மா கிடைக்கும் வருமானம் இல்லை. ஒரு குறிப்பிட்ட விலைக்கு மேல் போகும் உயர்வை முன்கூட்டியே விற்று வாங்கிய காசு அது. இந்த வியாபாரம் எப்போது நியாயமானது, எப்போது இல்லை என்பதை இந்தியச் சந்தையின் விதிகளோடு சேர்த்து, ஒரே உதாரணத்தை வைத்துப் பார்ப்போம்.

## உதாரணம்: ரிலையன்ஸ், ஒரு லாட்

ரிலையன்ஸ் 2024 அக்டோபரில் 1:1 போனஸ் கொடுத்தபோது அதன் லாட், அதாவது ஒரு ஆப்ஷன் ஒப்பந்தத்தில் அடங்கும் பங்குகளின் எண்ணிக்கை, 250இலிருந்து 500 ஆனது. அந்த 500ஐயே எடுத்துக்கொள்கிறேன். விலைகள் எல்லாம் கணக்குக்காக வைத்தவை. இன்றைய விலையாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

உங்களிடம் 500 பங்குகள் இருக்கின்றன. சில வருடங்களுக்கு முன் ரூ.900க்கு வாங்கினீர்கள். இன்று விலை ரூ.1,400. மொத்த மதிப்பு ரூ.7 லட்சம். ஒப்பந்தம் முடியும் நாளான எக்ஸ்பைரிக்கு ஏறக்குறைய 30 நாள் இருக்கிறது. 1,460 ஸ்ட்ரைக் கால், அதாவது பங்கை 1,460க்குக் கொடுப்பதாக எழுதும் கால், ரூ.16க்குப் போகிறது. ஒரு லாட் விற்கிறீர்கள். 500 × 16 = ரூ.8,000 கணக்கில் வரவு.

எக்ஸ்பைரி அன்று பங்கு எங்கே முடிகிறது என்பதைப் பொறுத்து என்ன ஆகும்?

| முடிவு விலை | பங்கு மட்டும் வைத்திருந்தால் | கால் விற்றிருந்தால் |
|---|---|---|
| 1,260 | −70,000 | −62,000 |
| 1,384 | −8,000 | 0 |
| 1,400 | 0 | +8,000 |
| 1,460 | +30,000 | +38,000 |
| 1,476 | +38,000 | +38,000 |
| 1,560 | +80,000 | +38,000 |

இதில் இரண்டு எண்களை மனதில் வைத்துக்கொண்டால் போதும். ஒன்று 1,384. இன்றைய விலையிலிருந்து பிரீமியத்தைக் கழித்தால் வருவது. அதற்குக் கீழே போனால் நஷ்டம்தான், பிரீமியம் அந்த நஷ்டத்தில் 16 ரூபாயை மட்டுமே தாங்கும். இன்னொன்று 1,476. ஸ்ட்ரைக்கோடு பிரீமியத்தைக் கூட்டியது. அதற்கு மேல் பங்கு எவ்வளவு ஏறினாலும், கால் விற்காமல் இருந்திருந்தால் அதிகம் கிடைத்திருக்கும். 1,560இல் விட்டுக்கொடுத்தது ரூ.42,000. வாங்கிய பிரீமியத்தைப் போல ஐந்து மடங்குக்கு மேல்.

ரூ.8,000ஐ 7 லட்சத்தால் வகுத்தால் மாதம் 1.14 சதவீதம். உடனே பன்னிரண்டால் பெருக்கி "வருடத்துக்கு 13.7 சதவீதம் கூடுதல்" என்று சொல்வார்கள். பன்னிரண்டு மாதமும் பங்கு 1,384க்குக் கீழேயும் போகாமல் 1,476க்கு மேலேயும் ஏறாமல் நின்றால்தான் அந்தப் பெருக்கல் செல்லும். அப்படி ஒரு பங்கு வருடம் முழுக்க நிற்காது.

## விழுந்து எழும்போது நடப்பது

மேலே உள்ள அட்டவணை ஒரு மாதத்துக்கானது. உண்மையான அடி இரண்டு, மூன்று மாதம் சேரும்போதுதான் தெரிகிறது.

முதல் மாதம் பங்கு 1,400இலிருந்து 1,260க்கு விழுகிறது. 1,460 கால் மதிப்பில்லாமல் முடிகிறது. 8,000 நமக்கு. சரி, அடுத்த மாதம் மறுபடி விற்போம் என்று பார்த்தால் 1,460 காலுக்கு இப்போது ஒன்றிரண்டு ரூபாய்தான் கிடைக்கும். பழகிய ரூ.16 வேண்டுமே? அதற்காகக் கீழே இறங்கி 1,310 ஸ்ட்ரைக்கை விற்கிறார்கள். மறுபடி 8,000 வருகிறது. அந்த மாதம் பங்கு மீண்டு 1,400க்கே திரும்புகிறது. பங்கை 1,310க்குக் கொடுத்தாக வேண்டும். இரண்டு மாதப் பிரீமியம் 32 ரூபாயைச் சேர்த்தால் கையில் வந்தது பங்குக்கு 1,342. ஒன்றும் செய்யாமல் இருந்தவரிடம் 1,400 ரூபாய் பங்கு அப்படியே இருக்கிறது. பங்கு தொடங்கிய இடத்திலேயே நிற்கிறது, ஆனால் இரண்டு முறை "வருமானம்" பார்த்த நமக்கு 58 × 500 = ரூ.29,000 குறைவு.

இது ஏதோ கற்பனையான விபத்து இல்லை. 2020 மார்ச்சில் கொரோனா பயத்தில் நிஃப்டி 7,500 அளவுக்கு விழுந்தது. அடுத்த மாதமான ஏப்ரலில் மட்டும் சுமார் 14.7 சதவீதம் ஏறியது. மார்ச்சின் முழு வீழ்ச்சியையும் வாங்கிக்கொண்டு, ஏப்ரலில் ஐந்து சதவீதத்துக்கு மேலே கால் விற்றிருந்தவர் மீட்சியில் மூன்றில் ஒரு பங்கைத்தான் பார்த்திருப்பார். கவர்ட் காலின் சுபாவமே இதுதான். இறக்கம் முழுசாக வரும், ஏற்றம் பாதியில் நிற்கும்.

இதிலிருந்து பிறக்கும் விதி ஒன்றுதான், அதை மட்டும் மீறாதீர்கள் என்பேன்: எந்த விலைக்குப் பங்கைக் கொடுக்க மனதார சம்மதமோ, அதற்குக் கீழே ஸ்ட்ரைக் எடுக்காதீர்கள். அந்த விலையில் பிரீமியம் இரண்டு ரூபாய்தான் என்றால் அந்த மாதம் விற்க வேண்டாம். எல்லா மாதமும் விற்றே ஆக வேண்டும் என்று யாரும் கட்டளை போடவில்லை.

## தொடங்கும் முன்: பங்கு, லாட், அடகு

முதலில் பங்கு, ஃபியூச்சரும் ஆப்ஷனும் நடக்கும் எஃப்&ஓ பட்டியலில் இருக்க வேண்டும். இந்தியாவில் பட்டியலிட்ட பங்குகளில் சிறு பகுதிக்குத்தான் ஆப்ஷன் உண்டு. அப்புறம், உங்களிடம் ஒரு முழு லாட் இருக்க வேண்டும். 300 பங்கு வைத்துக்கொண்டு 500க்குக் கால் விற்றால் மீதி 200க்கு நீங்கள் கையில் பங்கில்லாமல் கால் விற்றவர். அதன் நஷ்டத்துக்கு எல்லை இல்லை. லாட் அளவை என்எஸ்இ அவ்வப்போது மாற்றும், போனஸ், பங்குப் பிரிப்பு வரும்போதும் மாறும். விற்கும் முன் ஒவ்வொரு முறையும் பாருங்கள். உங்களிடம் இரண்டு லாட் பங்கு இருந்தால் ஒரு லாட்டுக்கு மட்டும் கால் விற்பது நல்ல பழக்கம். பங்கு பறந்தாலும் பாதி நம்மோடு பறக்கும்.

அடுத்தது மார்ஜின், அதாவது நஷ்டம் வந்தால் ஈடுகட்டப் புரோக்கரிடம் வைக்கும் பிணைத்தொகை. புதிதாக வருபவர்களுக்கு இங்கேதான் முதல் அதிர்ச்சி. "பங்கு என் டீமேட்டிலேயே இருக்கிறதே, எதற்கு மார்ஜின்?" என்று கேட்பார்கள். டீமேட்டில் பங்கு இருப்பதாலேயே நம் சந்தையில் கால் விற்பது தானாக "கவர்" ஆகிவிடாது. கால் விற்ற கணக்குக்கு முழு மார்ஜின் கேட்கும். நம் உதாரணத்தில் ஏறக்குறைய ரூ.1.2 லட்சத்திலிருந்து 1.5 லட்சம் வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். சந்தை கொந்தளித்தால் கூடும். சரியான தொகையைப் புரோக்கரின் மார்ஜின் கால்குலேட்டர் காட்டும்.

அந்த மார்ஜினைக் கொண்டுவர அதே பங்கையே அடகு வைக்கலாம். புரோக்கர் செயலியில் பிளெட்ஜ் கேட்டால் சிடிஎஸ்எல் அல்லது என்எஸ்டிஎல்லிடமிருந்து ஓடிபி வரும், உறுதி செய்தால் பங்கு உங்கள் டீமேட்டிலேயே அடகாக நிற்கும். டிவிடெண்ட், போனஸ் எல்லாம் உங்களுக்கே. பங்கின் மதிப்பில் ஒரு பகுதியை ஹேர்கட்டாகக் கழித்துவிட்டு மீதியை மார்ஜினாகக் கொடுப்பார்கள்.

ஆனால் முழு மார்ஜினையும் பங்கு அடகிலேயே ஓட்ட முடியாது. குறைந்தது பாதியாவது ரொக்கமாகவோ, ரொக்கத்துக்குச் சமமாக ஏற்கப்படும் அரசுப் பத்திரம், லிக்விட் ஃபண்ட் போன்றவையாகவோ இருக்க வேண்டும். குறைந்தால் அந்தத் தொகைக்குப் புரோக்கர் வட்டி போடுவார். மார்ஜின் 1.4 லட்சம் என்றால் 70,000 ரொக்கப் பக்கம் வேண்டும். சேமிப்புக் கணக்கிலிருந்து எடுத்துச் சும்மா போடுவதைவிட, ஏற்கும் லிக்விட் ஃபண்டாக வாங்கி அடகு வைப்பது மேல். அதற்கு மேலும் கொஞ்சம் இடம் விட்டு வையுங்கள். காரணம், பங்கு ஏறும்போது உங்கள் பங்கில் லாபம் காகிதத்தில்தான் இருக்கும், விற்ற காலின் நஷ்டத்துக்கு மார்ஜின் அன்றன்றே கேட்கும். மொத்தத்தில் நீங்கள் நன்றாகவே இருப்பீர்கள், ஆனால் மார்ஜின் பற்றாக்குறை வந்தால் புரோக்கர் காலை மோசமான விலையில் மூடிவிடலாம். அப்போது பங்கு ஏற்றமும் இல்லாத, பிரீமியமும் இல்லாத நிலை வரும்.

## ஸ்ட்ரைக்கும் மாதமும்

பங்குகளுக்கு நம்மிடம் மாத ஆப்ஷன் மட்டும்தான். என்எஸ்இயில் 2025 செப்டம்பரிலிருந்து மாதத்தின் கடைசிச் செவ்வாய்க்கிழமை எக்ஸ்பைரி. அதற்கு முன் கடைசி வியாழனாக இருந்தது. நடப்பு மாதம், அடுத்த மாதம், அதற்கடுத்த மாதம் என மூன்று கிடைக்கும். மூன்றாவது மாதத்தில் பெரும்பாலான பங்குகளுக்கு வாங்குவோர் விற்போர் அரிது. எனவே எக்ஸ்பைரிக்கு 25 முதல் 35 நாள் இருக்கும்போது விற்பதே நடைமுறையில் சரிவரும். மிச்சமிருக்கும் நாட்களுக்காகக் காலின் விலையில் சேர்ந்திருக்கும் காலமதிப்பு கரைவது கடைசி வாரங்களில்தான் வேகமெடுக்கும்.

ஸ்ட்ரைக் தேர்வுக்கு முதலில் மேலே சொன்ன "மனதார விற்கும் விலை". அதற்குமேல் உள்ள ஸ்ட்ரைக்குகளில் டெல்டாவைப் பாருங்கள். எல்லா ஸ்ட்ரைக்குகளையும் வரிசையாகக் காட்டும் ஆப்ஷன் செயினில் டெல்டா 0.28 என்று இருந்தால், எக்ஸ்பைரியில் பங்கு அந்த ஸ்ட்ரைக்கைத் தாண்ட நூற்றில் சுமார் 28 வாய்ப்பு என்று சந்தை கருதுவதாகத் தோராயமாகப் படிக்கலாம். நம் 1,460 அந்த இடத்தில்தான் வரும். வருடத்தில் மூன்று நான்கு தடவை பங்கு கைவிட்டுப் போகும் சூழல் வரும் என்று அர்த்தம். அது அதிகம் என்று தோன்றினால் 0.15 பக்கம் போகலாம். பிரீமியமும் பாதிக்குக் கீழே குறையும். குறைந்த ஆபத்தில் அதே பிரீமியம் எங்கேயும் கிடைக்காது.

ஒரு பங்கின் பிரீமியம் திடீரென்று வழக்கத்தைவிடக் கொழுத்துத் தெரிந்தால் சந்தோஷப்படும் முன் நாள்காட்டியைப் பாருங்கள். காலாண்டு முடிவு, நீதிமன்றத் தீர்ப்பு, பங்கு இணைப்புச் செய்தி ஏதாவது அந்த எக்ஸ்பைரிக்குள் இருக்கும். அந்தக் குதிப்புக்காகத்தான் கூடுதல் காசு. முடிவு வருவதற்கு முன் கால் விற்பது தவறு என்று சொல்ல மாட்டேன், நீங்கள் வாங்குவது அந்த ஒரு நாள் குதிப்பின் பந்தயத்தை என்று தெரிந்து செய்யுங்கள்.

## ஆர்டர் போடுவது

செயலியில் `RELIANCE 1460 CE` என்று சரியான மாதத்தோடு தேடி, Sell தேர்ந்தெடுங்கள். எண்ணிக்கை 500. பொருள் வகையில் `NRML` இருக்க வேண்டும். கவனிக்காமல் `MIS` போட்டால் அன்று மாலையே புரோக்கர் மூடிவிடுவார்.

மார்க்கெட் ஆர்டர் வேண்டாம். நிஃப்டி ஆப்ஷன் மாதிரி பங்கு ஆப்ஷனில் கூட்டம் கிடையாது. வாங்குபவர் 14.50, விற்பவர் 17.50 என்று இடைவெளி சாதாரணமாக இருக்கும். மார்க்கெட் ஆர்டர் போட்டால் 14.50க்குப் போய்விடும். அந்த ஒன்றரை ரூபாய் 750 ரூபாய். அதாவது மாத வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு. நடுவில் 16க்கு லிமிட் போட்டுக் காத்திருங்கள். சந்தை திறந்த முதல் கால் மணி நேரத்தைத் தவிருங்கள். வட்டமான ஸ்ட்ரைக்குகளில் பொதுவாகக் கூட்டம் அதிகம், சில சமயம் 1,460க்குப் பதில் 1,500 எடுப்பதே மேல்.

செலவு பெரிதில்லை. பிரீமியத்தின் மேல் பங்குப் பரிவர்த்தனை வரியான எஸ்டிடி (2024 அக்டோபர் 1 முதல் 0.1 சதவீதமாக உயர்த்தினார்கள், பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் இது மாறும்), தரகு, பரிவர்த்தனைக் கட்டணம், ஜிஎஸ்டி எல்லாம் சேர்த்து தள்ளுபடிப் புரோக்கரிடம் சில பத்து ரூபாய்.

விற்ற பிறகு மறக்கக் கூடாதது: காலை மூடாமல் பங்கை விற்காதீர்கள். பங்கில் நல்ல விலை வந்தது என்று பங்கை மட்டும் விற்றுவிட்டால் மிஞ்சுவது கையில் பங்கில்லாத கால். விற்பதென்றால் முதலில் காலைத் திரும்ப வாங்கி, பிறகு பங்கு.

## எக்ஸ்பைரிக்கு முன் மூன்று நிலைமைகள்

பங்கு அமைதியாக இருக்கிறது. 16க்கு விற்ற கால் பத்துப் பன்னிரண்டு நாளில் 3 ரூபாய்க்கு வந்துவிட்டது. மிச்சமிருக்கும் ரூ.1,500க்காக இன்னும் பதினெட்டு நாள் உயர்வைக் கட்டிப் போடுவானேன்? திரும்ப வாங்கிவிடலாம். பங்கு மறுபடி ஏறினால் புதிதாக விற்கலாம். எக்ஸ்பைரிக்கு இரண்டு நாள்தான் இருக்கிறது, பங்கு ஸ்ட்ரைக்குக்கு வெகு கீழே இருக்கிறது என்றால் விட்டுவிடுங்கள், தானாக முடியட்டும்.

பங்கு ஸ்ட்ரைக்கைத் தாண்டிவிட்டது, கொடுக்கச் சம்மதம். அப்படியென்றால் பெரிய வேலை இல்லை. 2019 அக்டோபர் எக்ஸ்பைரியிலிருந்து எல்லாப் பங்கு ஆப்ஷன்களும் பங்காகவே தீர்க்கப்படுகின்றன. அதற்கு முன் பல பங்குகளில் ரொக்க வித்தியாசம் மட்டும் கைமாறியது. முடிவு விலை 1,460க்கு மேல் இருந்தால், ஒரு ரூபாய் மேலே என்றாலும், உங்கள் 500 பங்குகளை 1,460 வீதம் கொடுக்க வேண்டும். நம் பங்கு ஆப்ஷன்கள் 2011இலிருந்து ஐரோப்பிய வகை, அதனால் எக்ஸ்பைரிக்கு முன் யாரும் பங்கைக் கேட்க முடியாது. அமெரிக்காவில் டிவிடெண்டுக்கு முந்தின நாள் பங்கைப் பிடுங்கிப் போவார்களே, அந்தத் தொல்லை இங்கே இல்லை. சாதாரண டிவிடெண்ட் உங்களுக்குத்தான்.

சிக்கல் அடகில்தான். பங்கு பிளெட்ஜில் இருக்கும்போதே டெலிவரிக்கு எடுத்துக்கொள்ளும் வழி சில புரோக்கர்களிடம் உண்டு. சிலர் முன்கூட்டியே அடகை விடுவிக்கச் சொல்வார்கள். விடுவித்தால் அந்த மார்ஜின் போய்விடும், அதற்கு ரொக்கம் வைக்க வேண்டும். மேலும் எக்ஸ்பைரி வாரத்தில் இப்படிப்பட்ட பொசிஷனுக்குப் புரோக்கர்கள் மார்ஜினை ஏற்றுவார்கள், சிலர் கடைசி நாளில் தாங்களே மூடிவிடுவார்கள். முதல் காலை விற்கும் முன்பே உங்கள் புரோக்கரிடம் இதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். பங்கு டீமேட்டில் இருந்தும் நேரத்துக்குப் போய்ச் சேராவிட்டால் ஏலத்துக்குப் போகும், அதன் விலையும் அபராதமும் உங்கள் கணக்கில் வரும்.

பங்கு தாண்டிவிட்டது, கொடுக்க மனமில்லை. இதற்குத்தான் ரோல். நடப்புக் காலைத் திரும்ப வாங்கி, அடுத்த மாதம் உயரமான ஸ்ட்ரைக்கில் விற்பது. பங்கு 1,500, எக்ஸ்பைரிக்கு எட்டு நாள். 1,460 கால் இப்போது ரூ.47. அடுத்த மாத 1,520 கால் ரூ.38. இரண்டையும் செய்தால் பங்குக்கு 9 ரூபாய், மொத்தம் ரூ.4,500 கையிலிருந்து போகும். பதிலுக்கு ஸ்ட்ரைக் 60 ரூபாய் உயர்ந்தது. பங்கு அங்கேயே நின்றாலும் மேலே போனாலும் லாபமான மாற்றம். ஆனால் 1,420க்கு விழுந்தால் 47 கொடுத்து மூடியது வீண். எட்டு நாளில் தானாகவே செத்திருக்கக்கூடிய காலுக்குக் காசு கொடுத்திருப்பீர்கள்.

ரோல் செய்ய வேண்டும் என்றால் காலில் காலமதிப்பு ஏறக்குறைய தீர்ந்த கட்டத்தில் செய்யுங்கள். மேலே 47இல் 40 ரூபாய், அதாவது பங்கு விலை 1,500க்கும் ஸ்ட்ரைக் 1,460க்கும் உள்ள வித்தியாசம், உள்ளார்ந்த மதிப்பு, 7 ரூபாய்தான் காலமதிப்பு. ரோல் செய்யச் செய்யப் பங்கு துரத்தினால் ஒரு கட்டத்தில் நிறுத்திவிட்டுப் பங்கைக் கொடுப்பதே கணக்குக்கு நல்லது. இன்னொன்று, அந்தப் பங்கு எஃப்&ஓ தடைக்காலத்தில் சிக்கினால் இருக்கும் பொசிஷனைக் குறைக்க மட்டுமே அனுமதி. அப்போது ரோல் செய்ய வழியில்லை.

## வரி தின்பது எவ்வளவு

பிரீமியம் எஃப்&ஓ வருமானம். வருமான வரியில் ஊகம் சாராத தொழில் வருமானமாக வரும், உங்கள் ஸ்லாப்படி வரி. சம்பளக்காரர்கள் வழக்கமான எளிய படிவத்தைவிட்டு ஐடிஆர்-3க்கு மாற வேண்டும். ஆடிட்டர் கட்டணமும் செலவில் சேரும். 30 சதவீத ஸ்லாப்பில் இருப்பவருக்கு செஸ்ஸோடு சேர்த்து 8,000இல் சுமார் 2,500 போய்விடும். கையில் நிற்பது 5,500 சொச்சம்.

பங்கு கைமாறினால் அதற்குத் தனி வரி. 900க்கு வாங்கியதை 1,460க்குக் கொடுத்தால் மூலதன ஆதாயம் 560 × 500 = ரூ.2,80,000. ஓராண்டுக்கு மேல் வைத்திருந்ததால் நீண்டகாலம், வருடத்துக்கு 1.25 லட்சம் விலக்கு போக மீதி 1,55,000க்கு 12.5 சதவீதம், செஸ்ஸோடு ரூ.20,150. கால் விற்காமல் இருந்திருந்தால் இந்த வரியைப் பல வருடம் தள்ளிப் போட்டிருக்கலாம். வரி போக நிற்கும் பிரீமியக் கணக்கில் பார்த்தால் இது ஏறக்குறைய நான்கு மாத வருமானம். பழைய, மலிவாக வாங்கிய பங்குகளின் மேல் கால் விற்பதில் பலரும் பார்க்காத விலை இதுதான். டீமேட்டில் முதலில் வாங்கியது முதலில் விற்றதாகக் கணக்கு என்பதால், "போன மாதம் வாங்கிய 500ஐக் கொடுக்கிறேன்" என்றும் சொல்ல முடியாது. அதே டீமேட்டில் இருக்கும் பழைய பங்கு போகும். பரம்பரையாக வந்த பங்கு, விற்கவே கூடாத பங்கு என்றால் அதன் மேல் கால் விற்காதீர்கள்.

ரோல் செய்யும்போது வரும் நஷ்டத்துக்கும் ஒரு கோணல் உண்டு. மேலே 16க்கு விற்று 47க்கு மூடியதில் ரூ.15,500 தொழில் நஷ்டம். பங்கில் வந்த லாபம் இன்னும் காகிதத்தில். அந்த நஷ்டத்தைச் சம்பளத்தில் கழிக்க முடியாது. அதே வருடத்தின் பிற வருமானத்தில் கழிக்கலாம், மீதியை எட்டு வருடம் வரை தொழில் வருமானத்துக்கு எதிராக எடுத்துப் போகலாம், குறித்த தேதிக்குள் ரிட்டர்ன் தாக்கல் செய்திருந்தால்.

## இரண்டு நெடுவரிசை

கவர்ட் கால் வேலை செய்கிறதா என்பதைப் பிரீமியத்தை மட்டும் கூட்டிப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது. அந்தத் தொகை எப்போதும் ஏறிக்கொண்டேதான் இருக்கும். ஒவ்வொரு எக்ஸ்பைரிக்கும் இரண்டு எண்களை எழுதுங்கள்: செலவு போக வந்த பிரீமியம், காலினால் இழந்த உயர்வு, அதாவது திரும்ப வாங்கக் கொடுத்தது அல்லது பங்கு ஸ்ட்ரைக்குக்கு மேல் முடிந்த வித்தியாசம். நம் உதாரணத்தில் 1,560இல் முடிந்த மாதத்துக்கு முதல் நெடுவரிசையில் 8,000, இரண்டாவதில் 50,000.

அமெரிக்காவில் இதைப் பெரிய அளவில் அளக்கவே ஒரு குறியீடு இருக்கிறது. சிகாகோ ஆப்ஷன் சந்தை 2002இல் கொண்டுவந்த பிஎக்ஸ்எம், எஸ்&பி 500ஐ வைத்துக்கொண்டு மாதா மாதம் அன்றைய விலைக்கு ஒட்டிய காலை விற்றால் என்ன ஆகும் என்று காட்டுகிறது. ஏற்ற இறக்கம் குறைவுதான். ஆனால் 2010களின் நீண்ட ஏறுமுகத்தில் வெறும் எஸ்&பி 500ஐவிட வெகுவாகப் பின்தங்கியது. பக்கவாட்டில் நகரும் சந்தைதான் இதற்கு ஏற்ற இடம்.

ஒரு வருடம் எழுதிய பிறகு இரண்டாவது நெடுவரிசை முதலாவதைவிடப் பெரிதாக இருந்தால், அந்தப் பங்கு நீங்கள் நினைத்ததைவிட வேகமான பங்கு. அதில் விற்பதை நிறுத்துங்கள், அல்லது டெல்டா 0.15க்கு நகருங்கள். முதலாவது பெரிதாக இருந்தாலும், வரியையும் ரொக்க மார்ஜினில் முடங்கிய பணத்தின் வட்டியையும் கழித்த பிறகு மிஞ்சுவது உங்கள் நேரத்துக்குத் தகுமா என்று பாருங்கள். ஒரே ஒரு லாட் வைத்திருப்பவர்களில் பலருக்கு அந்தக் கழித்தலுக்குப் பிறகு மாதம் ஐயாயிரத்துக்கும் குறைவாகத்தான் நிற்கும்.